பிரஷர் பம்பு வாங்குவதற்கு முன் ஒரு பக்கெட் சோதனை

குளியலறையில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. பிளம்பரைக் கூப்பிட்டால் பாதிப் பேர் "குழாயை மாத்திடலாம்" என்பார்கள், மீதிப் பேர் "பிரஷர் பம்பு வைக்கணும்" என்பார்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம், இரண்டுமே வீண்செலவாகவும் போகலாம். கோளாறு குழாயில் இருக்கிறதா, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் பைப்பில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு பக்கெட்டும் கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்சும் போதும்.

செட்டிநாட்டு வீடுகளில் இந்தச் சந்தேகம் அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. ஓட்டுக்கூரை மேல் தொட்டி வைக்க முடியாது என்பதால், பின்கட்டில் மட்டமான மாடி இருக்கும் இடத்திலோ தனியாகத் தூண் எழுப்பியோ தொட்டியை வைத்திருப்பார்கள். முகப்பு பக்கம் இருக்கும் குழாய்க்குத் தண்ணீர் நூறு அடிக்கு மேல் நடந்து வர வேண்டியிருக்கிறது. வழியில் பழைய ஜிஐ பைப், பிறகு சேர்த்த பிவிசி, சுவருக்குள் மறைந்திருக்கும் வால்வு என்று எல்லாம் கலந்து கிடக்கும். கண்ணால் பார்த்து எது அடைத்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

முதலில் பக்கெட்டில் கோடு போடுங்கள்

கடையில் "16 லிட்டர்", "20 லிட்டர்" என்று விற்கும் பக்கெட்டின் அளவை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் விளிம்பு வரைக்குமான கணக்கு, அதுவும் தோராயம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பக்கெட்டைச் சமதரையில் வைத்துப் போட வேண்டும். இனி உங்களுக்கு 10 லிட்டர் என்றால் அந்தக் கோடுதான்.

வாஷ்பேசினுக்குள் பக்கெட் நுழையாது. அதற்கு ஒரு லிட்டர் ஜக்கு போதும், ஆனால் ஐந்து வினாடியில் நிரம்பிவிடும் ஜக்கில் கை ஒரு வினாடி தாமதித்தாலே கணக்கு ஐந்தில் ஒரு பங்கு தப்பிப்போகும். அதனால் அங்கே மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

அளக்கும் நேரம்

தொட்டியை நிரப்பி மோட்டாரை நிறுத்திவிடுங்கள். தொட்டி பாதியாக இருக்கும்போது ஒரு குழாயையும் நிறைந்திருக்கும்போது இன்னொன்றையும் அளந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. மேல்நிலைத் தொட்டியில் அழுத்தம் என்பது உயரம்தான், வேறொன்றுமில்லை. பத்து மீட்டர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ அழுத்தம். நம் வீடுகளில் தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே நான்கைந்து மீட்டர் இருந்தாலே பெரிது. அதனால் தொட்டியில் ஒரு மீட்டர் இறங்கினாலும் குழாயில் தெரியும்.

வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள். வாஷிங் மெஷின், நிரம்பிக்கொண்டிருக்கும் கழிவறை சிஸ்டர்ன், ஆர்ஓ எல்லாம் நிற்க வேண்டும். அப்புறம் குழாயை முழுசாகத் திறந்து, இரண்டு மூன்று வினாடி ஓடவிட்டு, சட்டென்று பக்கெட்டை அடியில் வைத்து ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். கோட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள்.

கணக்கு சுலபம்:

நிமிடத்துக்கு லிட்டர் = 600 ÷ வினாடி

(10 லிட்டர் கோட்டுக்கு 600. ஒரு லிட்டர் ஜக்கு என்றால் 60 ÷ வினாடி.)

50 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 12 லிட்டர். ஒரே குழாயை இரண்டு முறை அளந்து பாருங்கள். இரண்டு வினாடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்கோ யாரோ குழாயைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

குழாயைக் கழற்றி மறுபடி அளப்பது

சோதனையின் உயிரே இந்தப் படிதான். முதல் அளவு தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று மட்டும்தான் சொல்லும். யார் குற்றவாளி என்று சொல்வது இரண்டாவது அளவு.

முனையில் சல்லடை மூடி, அதாவது ஏரேட்டர், இருக்கும் குழாய் என்றால் முதலில் அதை மட்டும் திருகிக் கழற்றி அளங்கள். ஒரு வீட்டு வாஷ்பேசினில் ஒரு லிட்டர் ஜக்கு நிரம்ப 30 வினாடி ஆனது, நிமிடத்துக்கு 2 லிட்டர். ஏரேட்டரைக் கழற்றியதும் 9 வினாடி, கிட்டத்தட்ட 6.7 லிட்டர். உள்ளே பார்த்தால் வெள்ளை உப்புப் பொருக்கும், பைப் அறுத்தபோது விழுந்த பிவிசித் துருவலும், கொஞ்சம் மணலும். வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்ததும் வேலை முடிந்தது. கழிவறை கழுவும் ஆசிட்டை அங்கே கொண்டுபோகாதீர்கள், குரோம் பூச்சு போய்விடும். இன்னொன்று: தண்ணீர் மிச்சம் பிடிக்கவென்றே குறைவாக விடும் ஏரேட்டர்களும் வருகின்றன. அதன் விளிம்பில் லிட்டர் அளவு அச்சிட்டிருந்தால், அந்த அளவுக்கு வருவது கோளாறே இல்லை.

ஏரேட்டர் இல்லாத சாதாரணக் குழாயா? அந்த லைனின் கேட் வால்வை மூடி, குழாயைச் சுவரிலிருந்து கழற்றி, வால்வை முழுசாகத் திறந்து வெறும் பைப் வாயிலிருந்து அளங்கள். தண்ணீர் சுவரில் அடிக்கும், அகலமான பக்கெட் நல்லது. திரும்பப் பூட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் புதிதாகச் சுற்ற வேண்டும்.

பேசினுக்கு அடியில் இருக்கும் நெளிகுழாயைக் கழற்றி அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் வாயைத் தரையில் இருக்கும் பக்கெட்டுக்குள் தொங்கவிட்டால், தண்ணீர் விழும் இடம் இரண்டடி கீழே போய்விடுகிறது. மொத்தமே பத்தடி உயரத்தில் இரண்டடி கூடினால் ஓட்டம் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும். அந்தக் கூடுதலைப் பார்த்துக் குழாய்மேல் பழி போடுவோம். நெளிகுழாயின் வாயைப் பழைய குழாயின் உயரத்திலேயே பிடித்துக்கொண்டு, ஜக்கில் அளங்கள்.

இப்போது இரண்டு அளவையும் பக்கத்தில் வையுங்கள். குழாய் இல்லாதபோது கொஞ்சம் அதிகமாகத்தான் வரும், ஏனென்றால் எந்தக் குழாயும் கொஞ்சம் தடுக்கத்தான் செய்யும். கால் பங்குக்குள் கூடினால் நான் குழாயைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மடங்கு, அதற்கு மேல் என்றால் குழாய்தான், மறுபேச்சில்லை. நடுவில் நின்றால் வாஷரையும் ஸ்பிண்டிலையும் மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

பைப்பில் என்றால், எந்த இடத்தில்?

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தொட்டி பின்கட்டில். பக்கச் சுவர் ஓரமாக முக்கால் இஞ்சு பைப் முற்றம் வரை வந்து, அங்கிருந்து அரை இஞ்சாகி முன்பக்கக் குளியலறைக்குப் போகிறது. குளியலறையில் பக்கெட் நிரம்ப 150 வினாடி, அதாவது 4 லிட்டர். குழாயைக் கழற்றி அளந்தால் 135 வினாடி, 4.4 லிட்டர். ஆகவே குழாய் நிரபராதி. "ஆச்சி, பம்பு வெச்சாத்தான் சரிவரும்" என்றார் பிளம்பர். "இருங்க தம்பி, மத்த குழாயையும் பாத்துருவோம்" என்றார் ஆச்சி.

அதே லைனில் தொட்டியிலிருந்து முன்பக்கம் நோக்கி ஒவ்வொன்றாக அளந்தோம். துவைகல் பக்கம் 40 வினாடி, 15 லிட்டர். அடுப்படியில் 46 வினாடி, 13 லிட்டர். முற்றத்தில் 50 வினாடி, 12 லிட்டர். அடுத்து இருபத்தைந்தடி தள்ளிக் குளியலறை, 4 லிட்டர்.

15, 13, 12, சட்டென்று 4. தூரத்தால் குறைவது படிப்படியாகக் குறையும். இரண்டு குழாய்க்கு நடுவே இப்படி விழுந்தால் அந்த இடைவெளியில் ஏதோ ஒன்று வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. தேட வேண்டிய இடம் வீடு முழுவதும் இல்லை, இருபத்தைந்தடி மட்டும்தான். அந்தத் துண்டில் இருந்தது சுவருக்குள் பதித்த ஒரு கேட் வால்வு. கைப்பிடி நன்றாகவே சுற்றியது, ஆனால் உள்ளே பித்தளைத் தகடு ஸ்பிண்டிலை விட்டுக் கழன்று, பாதி வழியை மறித்துக்கொண்டு நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் வால்வு முழுசாகத் திறந்திருக்கிறது என்றுதான் தோன்றும். வால்வை மாற்றிய பிறகு அதே பக்கெட் 54 வினாடியில் நிரம்பியது, நிமிடத்துக்கு 11 லிட்டர். பம்பு வைத்திருந்தால் அந்தப் பாதி வழியிலேயே மல்லுக்கட்டிக்கொண்டு ஓடியிருக்கும்.

வால்வு இல்லாத இடத்தில் இப்படி விழுந்தால் பழைய ஜிஐ முழங்கைகளைச் சந்தேகப்படுங்கள். உள்ளே துரு கட்டி, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை மிஞ்சியிருக்கும். எல்லாக் குழாயும் ஒரேயடியாக மந்தமாக இருந்தால் தொட்டியடியில் இருக்கும் வால்வையும், உள்ளே வண்டல் வாயை மூடியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பினால் காற்று அடைப்பு. அது ஓடித் தீரும்வரை அளப்பதில் பயனில்லை.

காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் வரும் மாநகராட்சிக் குழாயை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அது தொட்டியைத் தொடாமல் நேராக வருவது, அதன் வேகம் தெருவின் வேகம். அதை அளப்பதென்றால் சில நாள் ஒரே நேரத்தில், வீட்டுக்குள் நுழைந்ததும் இருக்கும் முதல் குழாயில் அளங்கள். அங்கேயே குறைந்தால் வீட்டுக்குள் தேடி ஒன்றும் கிடைக்காது.

எங்கேயும் அடைப்பே இல்லை என்றால்

சில வீடுகளில் எண்கள் 14, 11, 9, 7 என்று ஒழுங்காக இறங்கும். குழாயைக் கழற்றினாலும் பெரிய மாற்றம் இருக்காது. அடைப்பு எதுவும் இல்லை, பைப் மெலிந்தது, வழி நீளம். அரை இஞ்சு பைப்பில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால், புது பிவிசியாக இருந்தாலும், 100 அடிக்குச் சுமார் 6 அடி உயரத்து அழுத்தம் உராய்விலேயே போய்விடும். தொட்டி பன்னிரண்டு அடி உயரத்தில் இருந்தால் பாதி அங்கேயே காலி. முக்கால் இஞ்சில் அந்த இழப்பு ஏறத்தாழ கால் பங்குதான். ஆகவே தொட்டியிலிருந்து முன்கட்டு வரை முக்கால் இஞ்சு இழுத்து, கடைசிச் சில அடி மட்டும் அரை இஞ்சாக்கினால் பெரும்பாலும் போதும். சுவரை உடைக்க மனசில்லாதவர்களுக்கும், ஷவர் வேகமாக வேண்டும் என்பவர்களுக்கும்தான் இந்த இடத்தில் பம்பு. அதையும் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். முன்கட்டில் வைத்தால் அந்த மெலிந்த பைப்பின் வழியாக அது தண்ணீரை உறிஞ்ச வேண்டியிருக்கும், காற்றையும் சேர்த்து இழுக்கும்.