ஒரே புத்தகம், மூன்று மாத அறிக்கை: படிப்பகத்துக்கு இரவல் அறிக்கை தயாரிப்பது எப்படி?

ஜனவரி 20 அன்று ஒருவர் புத்தகம் எடுத்துப் போகிறார். பிப்ரவரி 3 அன்று திருப்பித் தர வேண்டும், தரவில்லை. மார்ச் 5 அன்று கொண்டுவந்து வைக்கிறார், அபராதமும் கட்டுகிறார். இந்தப் புத்தகம் எந்த மாத அறிக்கையில் வரவேண்டும்?

மூன்று மாதத்திலும் வரவேண்டும். இரவல் கணக்கில் ஜனவரி, தாமதப் பட்டியலில் பிப்ரவரி, வசூலில் மார்ச். இரவலை எடுத்த தேதியை வைத்து எண்ணுகிறோம். தாமதம் என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் நிலைமை எப்படி இருந்தது என்பது. வசூலை ரசீது போட்ட தேதியை வைத்துக் கூட்டுகிறோம். மூன்றையும் ஒரே தேதியால் வடிகட்டப் பார்ப்பதால்தான் முதன்முதலாக அறிக்கை போடுபவர்களுக்குக் கணக்கு இடிக்கிறது.

காசிமேட்டுப் பக்கம் தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு சின்னப் படிப்பகத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். இரவல் காலம் 14 நாள், அபராதம் நாளுக்கு ஒரு ரூபாய். தனி மென்பொருள் கிடையாது, கூகுள் ஷீட்ஸ் மட்டும். பிப்ரவரி 2025 அறிக்கையைத் தயாரிக்கப் போகிறோம்.

முதலில் தேதி வடிவம்

எதையும் தட்டுவதற்கு முன் `File → Settings → Locale` போய் `India` என்று மாற்றிவிடுங்கள். அது அமெரிக்காவில் இருந்தால் 05/03/2025 என்பது மே 3 ஆகிவிடும். 13/03/2025 என்று போட்டால் பதின்மூன்றாம் மாதம் இல்லையே என்று அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. அடையாளம் ஒன்றுதான்: உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப்போனது இடப்பக்கம் நிற்கும்.

நான்கு தாள்கள்

`Books` தாளில் A முதல் D வரை: அக்சஷன் நம்பர், தலைப்பு, அடுக்கு எண், வகை. அக்சஷன் நம்பர் என்பது ஒவ்வொரு பிரதிக்கும் பதிவேட்டில் கொடுத்திருக்கும் தனி எண்.

`Loans` தாளில் A முதல் E வரை: அக்சஷன் நம்பர், உறுப்பினர் எண், எடுத்த தேதி, கெடு தேதி, திரும்பிய தேதி. புத்தகம் இன்னும் வராவிட்டால் E காலியாக இருக்கட்டும். கோடு, "இல்லை" என்றெல்லாம் எழுத வேண்டாம்.

`Receipts` தாளில் A முதல் E வரை: தேதி, ரசீது எண், உறுப்பினர் எண், தொகை, எதற்காக.

`Report` தாளில் B1-இல் 01/02/2025, B2-இல் 28/02/2025. எல்லாச் சூத்திரங்களும் இந்த இரண்டு கட்டங்களைப் பார்த்துத்தான் ஓடும். பலரும் `TODAY()` போட்டுவிடுகிறார்கள். நாளைக்குத் திறந்தால் அந்த அறிக்கை வேறு எண்ணைக் காட்டும், கமிட்டியில் யாராவது கேட்டால் பதில் சொல்ல முடியாது.

வகையை யார் தீர்மானிப்பது?

அடுக்கு எண்ணின் முதல் இலக்கத்தை வைத்தே வகை பிரித்துவிடலாமே என்று தோன்றும். புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக அடுக்கு எண் தரும் டூயி முறையில் தமிழ் இலக்கியம் முழுக்க 894.811-க்குள் அடக்கம். கவிதை, நாடகம், நாவல் எல்லாம் அதன் பின்னால் வரும் இலக்கத்தில்தான் பிரிகின்றன. முதல் இலக்கத்தை மட்டும் எடுத்தால் நம் ஊர்ப் படிப்பகத்தில் 8 மட்டும் மலைபோல் நிற்கும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. டிஎன்பிஎஸ்சி கையேடுகளோ வரலாறு, அரசியல், அறிவியல் என்று சிதறிப்போகும். ஆகவே D நெடுவரிசையில் வாசகர்கள் கேட்கும் பெயரிலேயே எட்டுப் பத்து வகைகள் வைத்துக்கொள்ளுங்கள்: நாவல், சிறுவர் படக்கதை, போட்டித் தேர்வு, வரலாறு என்று. ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதினால் இரண்டு வகையாகிவிடும். `Data → Data validation` மூலம் தேர்வுப் பட்டியல் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது `Loans` தாளின் F2-இல் வகையைக் கொண்டுவருவோம்:

```
=IF(A2="","",IFERROR(VLOOKUP(A2,Books!A:D,4,FALSE),"?"))
```

கீழே வரை இழுத்துவிடுங்கள். எங்காவது `?` வந்தால், அந்த அக்சஷன் நம்பர் தவறு, அல்லது ஒரு தாளில் எண்ணாகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் கிடக்கிறது. பதிவேட்டை எடுத்துச் சரிபார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

எந்த வகை அதிகம் போகிறது

`Report` தாளில் A5-இலிருந்து வகைப் பெயர்களை எழுதி, B5-இல்:

```
=COUNTIFS(Loans!F:F,A5,Loans!C:C,">="&$B$1,Loans!C:C,"<"&$B$2+1)
```

கடைசியில் `<=` போடாமல் ஒரு நாள் கூட்டி `<` போட்டதற்குக் காரணம் உண்டு. யாராவது தேதியோடு நேரத்தையும் பதிந்திருந்தால், 28-ஆம் தேதி மாலை போன புத்தகம் `<=`-இல் விடுபட்டுவிடும்.

இதோடு நிறுத்தினால் அறிக்கை பாதி உண்மையைத்தான் சொல்லும். C5-இல் இதையும் போடுங்கள்:

```
=B5/COUNTIF(Books!D:D,A5)
```

நம் உதாரணப் படிப்பகத்தில் 620 நாவல்கள், பிப்ரவரியில் 124 இரவல். சிறுவர் படக்கதைகள் 45, இரவல் 90. எண்ணிக்கையில் நாவல்தான் முதலிடம். ஆனால் ஒரு புத்தகத்துக்கு எத்தனை முறை என்று பார்த்தால் நாவல் 0.2, படக்கதை 2. அந்த 45 புத்தகமும் அலமாரியில் நிற்கவே நேரமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்து புத்தகம் வாங்கக் காசு கிடைத்தால் எங்கே போடுவது என்பதற்கு எனக்கு B-ஐவிட C நெடுவரிசைதான் உதவும்.

போட்டித் தேர்வு வகை மட்டும் இந்தக் கணக்கில் எப்போதும் இளைத்துத்தான் தெரியும். அந்தப் புத்தகங்களை மாணவர்கள் அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு மேசையில் வைத்துப் போகிறார்கள், அது இரவல் பதிவேட்டுக்கு வருவதில்லை. அறிக்கையில் அதற்கு ஒரு வரிக் குறிப்பு எழுதிவிடுங்கள். இல்லையென்றால் "யாரும் எடுக்கவில்லையே, இனி வாங்க வேண்டாம்" என்று யாராவது முடிவு கட்டிவிடுவார்கள்.

தாமதப் பட்டியல்

தொடக்கத்தில் சொன்ன புத்தகத்தை `Loans` தாளின் 2-ஆம் வரியில் வையுங்கள். எண் 1187, எடுத்தது 20/01, கெடு 03/02, திரும்பியது 05/03. நீங்கள் மார்ச் 8 அன்று உட்கார்ந்து பிப்ரவரி அறிக்கை போடுகிறீர்கள். "E காலியாக இருந்தால் தாமதம்" என்று மட்டும் சூத்திரம் எழுதினால், இந்தப் புத்தகம் வந்துவிட்டதே என்று பட்டியலிலிருந்து கழன்றுவிடும். ஆனால் பிப்ரவரி 28 அன்று அது அலமாரியில் இல்லை. எனவே G2-இல்:

```
=IF(OR(A2="",D2>=Report!$B$2),0,IF(OR(E2="",E2>Report!$B$2),Report!$B$2-D2,0))
```

கெடு தாண்டியிருக்க வேண்டும்; புத்தகம் வராமல் இருக்க வேண்டும், அல்லது அறிக்கைத் தேதிக்குப் பிறகு வந்திருக்க வேண்டும். அப்போதுதான் நாள் கணக்கு. 1187-க்கு விடை 25 என்று வரும். 1900-ஆம் ஆண்டுத் தேதி ஏதாவது தெரிந்தால் பயப்பட வேண்டாம், `Format → Number → Number` கொடுத்தால் எண்ணாகிவிடும்.

தாமதம் இல்லாத வரியில் வெற்று `""` போடாமல் 0 போட்டிருப்பதையும் கவனியுங்கள். ஒப்பிடும்போது ஷீட்ஸ் எழுத்தை எப்போதும் எண்ணைவிடப் பெரியதாகவே எடுத்துக்கொள்ளும். `""` போட்டிருந்தால் அடுத்த சூத்திரத்தில் எல்லா வரியும் தாமதம் என்று கொட்டும். திரும்பிய தேதி எழுத்தாகக் கிடந்தாலும் இதே கூத்துதான்: எப்போதோ வந்துவிட்ட புத்தகம் பட்டியலில் நிற்கும், உறுப்பினர் சண்டைக்கு வருவார். அதனால் ஏதாவது ஒரு மூலையில் இந்தச் சோதனையை வைத்துவிடுங்கள்:

```
=COUNTA(Loans!C2:E)-COUNT(Loans!C2:E)
```

விடை 0 இல்லையென்றால் அத்தனை கட்டங்களில் தேதி எழுத்தாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

பட்டியலை `Report` தாளில் காலியான ஓர் இடத்தில், H5 என்று வையுங்களேன், இறக்கலாம்:

```
=SORT(FILTER(Loans!A2:G,Loans!G2:G>0),7,FALSE)
```

அதிக நாள் ஆனது மேலே வரும். தாமதமே இல்லாத மாதத்தில் `#N/A` காட்டும், அது பிழை அல்ல.

பட்டியலை அப்படியே சுவரில் ஒட்டிவிடாதீர்கள். 7 நாள் வரை, 8 முதல் 30, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். காசிமேட்டில் விசைப்படகில் போய்ப் பல நாள் கடலில் தங்குபவர்கள் உறுப்பினராக இருந்தால், ஒரு வாரத் தாமதம் பெரும்பாலும் கரைக்கு வந்ததும் தானாகத் தீரும். அங்கே கேள்வி, 14 நாள் கெடு அவர்களுக்குப் பொருந்துகிறதா என்பதே. போன் போட வேண்டியது 30 நாளைத் தாண்டியவர்களுக்கு.

மழைக்காலத்துக்கும் ஒரு வழி வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது வடசென்னையில் புத்தகம் திருப்பித் தர யாரால் தெருவில் இறங்க முடியும்? படிப்பகம் மூடியிருந்த நாட்களில் விழும் கெடு தேதிகளை, திறக்கும் நாளுக்கு D நெடுவரிசையிலேயே தள்ளிவிடுங்கள். அபராதத்தைப் போட்டுவிட்டுப் பிறகு தள்ளுபடி செய்வதைவிட இது சுத்தம்.

வசூல்

1187-க்கு மொத்தத் தாமதம் 30 நாள், அபராதம் 30 ரூபாய். அவர் மார்ச் 5 அன்று 20 ரூபாய் கொடுக்கிறார், மீதி 10 ரூபாயை மார்ச் 20 அன்று. `Receipts` தாளில் இரண்டு வரி, இரண்டு ரசீது எண். பிப்ரவரி வசூலில் இதில் ஒரு பைசாவும் வராது.

```
=SUMIFS(Receipts!D:D,Receipts!E:E,"தாமதம்",Receipts!A:A,">="&$B$1,Receipts!A:A,"<"&$B$2+1)
```

E நெடுவரிசையில் "தாமதம்", "தொலைந்தது", "சந்தா" என்று பிரித்து எழுதுவது அவசியம். தொலைந்த புத்தகத்துக்கு வாங்கிய விலையும் அபராதத்தில் கலந்துவிட்டால் வசூல் திடீரென்று எகிறும், காரணம் புரியாது. தொகையை வெறும் எண்ணாக எழுதுங்கள். "20 ரூ" என்று எழுதினால் கூட்டலில் சேராது.

தாமத நாட்களை ஒரு ரூபாயால் பெருக்கி "வசூல்" என்று காட்டும் அறிக்கைகளும் உண்டு. அது வரவேண்டிய தொகை, வந்த தொகை அல்ல. காட்ட விரும்பினால் தனி வரியில் "நிலுவை" என்று காட்டுங்கள். வசூல் என்ற வரி ரசீதுப் புத்தகத்தோடும், கல்லாவில் உள்ள பணத்தோடும், ஜிபேயில் வந்ததோடும் சேர்த்துப் பார்த்தால் பொருந்த வேண்டும். ரசீது எண் ஏதாவது நடுவில் விடுபட்டிருந்தால் முதலில் அதைத் தேடுங்கள்.

உறைய வைத்தல்

எண்கள் சரி என்றானதும் `Report` தாளில் உள்ளதை முழுவதும் நகலெடுத்து, புதிய தாளில் `Ctrl+Shift+V` கொடுத்து ஒட்டுங்கள். சூத்திரம் போய் மதிப்பு மட்டும் நிற்கும். தாளுக்கு `2025-02` என்று பெயர் வையுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் புத்தகத்தைப் புதுப்பிக்கும்போது D-இல் கெடு தேதியை மாற்றிவிடுவோம். 1187-ஐ எடுத்தவர் மார்ச் 1 அன்று போன் செய்து புதுப்பித்திருந்தால் கெடு மார்ச் 15 ஆகியிருக்கும். அதற்குப் பிறகு பிப்ரவரி அறிக்கையை மீண்டும் ஓட்டினால் அந்த 25 நாள் தாமதம் நடக்கவே இல்லை என்று காட்டும். உறைய வைத்த தாளில் அது அப்படியே இருக்கும். மார்ச் மாதத்துக்கு B1, B2 இரண்டை மட்டும் மாற்றினால் போதும்.