பனியன் கம்பெனியில் நேரடி இன்டர்வியூ: அறிவிப்பு எழுதுவது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் ஆள் சேர்க்கும் வேலையை முதல்முறையாக என்னிடம் கொடுத்தபோது நான் எழுதிய அறிவிப்பு இரண்டே வரி. "டெய்லர்கள் தேவை. வரும் ஞாயிறு காலை நேரில் வரவும்." கீழே ஒரு போன் நம்பர். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். கூட்டம் வந்தது. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் ஜாக்கெட்டும் பேண்ட்டும் தைக்கிறவர்கள், ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்ததே இல்லை. அதைவிட மனசை வருத்தியது அடுத்த ஞாயிறு நடந்தது. தேதி போடாததால் அந்தச் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. உடுமலையிலிருந்து ஒரு அம்மா கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வாட்ச்மேனிடம் கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அறிவிப்பையும் ஒரே கேள்வி வைத்துத்தான் எழுதுகிறேன். ஒரு நாளை ஒதுக்கி, பஸ் காசு போட்டு வருகிறவருக்கு வீட்டிலிருந்து கிளம்பும் முன்னால் என்னென்ன தெரிய வேண்டும்? புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்களுக்காக நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில் லைனுக்குப் போய் எண்ணுங்கள்

அறிவிப்பை ஆபீசில் உட்கார்ந்து ஆரம்பிக்காதீர்கள். லைன் சூப்பர்வைசரோடு நின்று எந்த மெஷின் ஆள் இல்லாமல் கிடக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பனியன் தொழிலில் 'டெய்லர்' என்ற ஒரு சொல் போதாது. ஓவர்லாக் டெய்லர் தோள், கை, பக்கவாட்டு ஜாயின்ட் எல்லாம் அடிப்பவர். அந்த மெஷினில் கத்தி இருக்கிறது, தைத்துக்கொண்டே ஓரத்தை வெட்டும், கை சற்று விலகினால் துணி போனது போனதுதான். பேட்லாக் டெய்லர் கீழ் மடிப்பும் கை மடிப்பும் அடிப்பவர். சிங்கர் டெய்லர் லேபிள், காலர், பட்டன் பட்டி மாதிரி ஒற்றை ஊசி வேலை பார்ப்பவர். ஊரில் பேட்லாக் என்றுதான் சொல்வார்கள், அறிவிப்பிலும் அப்படியே எழுதுங்கள். மெஷின் கம்பெனி புத்தகத்தில் பிளாட்லாக் என்று இருக்கிறது என்பதற்காக மாற்ற வேண்டாம்.

வீட்டில் ஜாக்கெட் தைக்கிற ஒருவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் பனியன் துணி இழுத்தால் நீளும், மெஷின் வேகமும் வேறு. அவரைப் பழக்கி எடுக்க உங்கள் கம்பெனி தயாராக இருந்தால் 'பழகுபவர்களும் வரலாம்' என்று போடுங்கள். தயாராக இல்லையென்றால் 'பனியன் கம்பெனி அனுபவம் அவசியம்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள், அவருக்கும் அலைச்சல் மிச்சம்.

ஹெல்பர் என்று மட்டும் போடுவதும் இதே தவறுதான். கைமடியா, பிசிறு வெட்டுவதா, செக்கிங்கா, பேக்கிங்கா? நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கும் வேலையா, உட்கார்ந்து பார்ப்பதா? முழங்கால் வலி உள்ளவர்கள் போனில் முதலில் கேட்பது இதைத்தான். இன்னொன்று, செக்கிங்குக்குப் பெண்கள் மட்டும், அயர்னுக்கு ஆண்கள் மட்டும் என்று பழக்கத்தில் எழுதிவிடுவோம். ஒரே வேலைக்கு ஆள் எடுப்பதில் ஆண், பெண் பேதம் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே வந்துவிட்டது. அந்த 'மட்டும்' வேண்டாம்.

2. கூலியை மறைக்காதீர்கள்

'தகுதிக்கேற்ற சம்பளம்' என்று எழுதினால் நல்ல டெய்லர் வரமாட்டார். ஏற்கனவே எங்கோ வேலை பார்ப்பவர் எவ்வளவு என்று தெரியாமல் எதற்கு வருவார்? ஷிப்ட் கூலியா பீஸ் ரேட்டா என்று சொல்லுங்கள். ஷிப்ட் என்றால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஒன்றரை ஷிப்ட் ஓடுமா, கூலி வாரா வாரம் சனிக்கிழமையா, மாதச் சம்பளமா என்பதும் வேண்டும்.

பிடித்தம் பற்றியும் ஒரு வரி போடுங்கள். முதல் வாரக் கூலி வாங்கும்போது வருகிற சண்டை பெரும்பாலும் இதில்தான். 500 ரூபாய் ஷிப்ட் கூலி என்று வைத்துக்கொள்வோம். முழுக் கூலிக்கும் பி.எஃப். பிடித்தால் தொழிலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 60 ரூபாய். ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 3 ரூபாய் 75 காசு. கைக்கு வருவது 436 ரூபாய் 25 காசு. அறிவிப்பில் 500 என்று மட்டும் பார்த்து வந்தவர் கவரைப் பிரித்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். 'பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு' என்ற நான்கு சொல் இதைத் தடுத்துவிடும்.

3. தேதியும் நேரமும்

ஞாயிறுதான் நல்லது. மற்ற நாளில் வந்தால் இருக்கிற வேலையில் ஒரு ஷிப்ட் போய்விடும். ஆனால் 'வரும் ஞாயிறு', 'நாளை' மாதிரிச் சொற்கள் அறிவிப்பில் எங்கேயும் வரக்கூடாது. தேதி, மாதம், வருஷம், கிழமை நான்கும் வேண்டும், காலண்டரைத் திறந்து தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் பாதிப் பேர் தேதியை நம்பி வருவார்கள், மீதிப் பேர் கிழமையை நம்பி வருவார்கள்.

நேரத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள். டெய்லர் என்றால் பேச்சு மட்டும் போதாது, மெஷினில் உட்கார வைத்து இரண்டு மூன்று பீஸ் தைக்கச் சொல்லிப் பார்ப்போம். நூல் கோர்த்து, துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததைப் பார்க்க ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆகும். நான்கு மெஷின் ஒதுக்கினால் மணிக்கு 24 பேர். 80 பேரை ஒன்பது மணிக்கே வரச் சொன்னால் கடைசி ஆள் மூன்று மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நிற்பார், அந்த ஆள் பெரும்பாலும் வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வந்தவராக இருப்பார். அதனால் வேலைவாரியாக நேரத்தைப் பிரித்துவிடுங்கள்.

4. இடம்

முழு முகவரி எழுதிவிட்டு அதோடு நிறுத்தாதீர்கள். எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும், அங்கிருந்து எந்தப் பக்கம், எத்தனை நிமிஷ நடை என்று சேருங்கள். நம் கம்பெனிகள் பலவும் சந்துக்குள் இருக்கின்றன. மேப் லிங்க் கொடுக்கலாம்தான், ஆனால் சுவரில் ஒட்டிய நோட்டீசில் லிங்க்கை அழுத்த முடியாதே. கம்பெனிக்கு இரண்டு யூனிட் இருந்தால் எந்த யூனிட் என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

5. ஆவணங்கள்

'தேவையான சான்றிதழ்களுடன் வரவும்' என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. எவை அசல், எவை ஜெராக்ஸ் என்று பிரித்துச் சொல்லுங்கள். எனக்குத் தேவைப்படுவது ஆதார் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக் முதல் பக்க ஜெராக்ஸ், இரண்டு போட்டோ, வயதுக்குப் பள்ளி டி.சி. அல்லது மார்க் ஷீட். ஆதாரிலேயே பிறந்த தேதி இருக்கிறதே என்று கேட்பார்கள். பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலிலிருந்து ஆதாரை 2024 ஜனவரியில் பி.எஃப். நிறுவனம் எடுத்துவிட்டது. அதனால் டி.சி. கையில் இருந்தால் பின்னால் தேதித் திருத்தம் என்று வரும்போது சிரமம் இல்லை.

ஏற்கனவே பி.எஃப். பிடித்த கம்பெனியில் இருந்தவரிடம் பழைய யு.ஏ.என். நம்பரும் ஈ.எஸ்.ஐ. நம்பரும் கேளுங்கள். பழையதைச் சொல்லாமல் புது நம்பர் வாங்கிவிட்டால் பணம் இரண்டு கணக்கில் கிடக்கும், அதைச் சேர்க்க அவர்தான் பின்னால் நடையாய் நடக்க வேண்டும்.

அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பார்த்துவிட்டு அங்கேயே கையில் கொடுத்துவிடுங்கள், கொடுத்துவிடுவோம் என்று அறிவிப்பிலும் எழுதுங்கள். 'கட்டணம் எதுவும் கிடையாது' என்ற வரியும் கட்டாயம். உங்கள் அறிவிப்பைக் காட்டி வெளியில் யாராவது ஆளுக்கு 500, 1000 என்று வாங்கினால், அந்த ஒரு வரியைப் படித்தவராவது தப்பிப்பார்.

6. இப்போது எழுதிப் பார்ப்போம்

கீழே இருப்பது மாதிரிதான். கோடிட்ட இடங்களில் உங்கள் விவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

> பனியன் கம்பெனியில் வேலை: நேரடி இன்டர்வியூ
> ______ கம்பெனி, யூனிட் 2, அனுப்பர்பாளையம், திருப்பூர்
>
> நாள்: 14-06-2026, ஞாயிற்றுக்கிழமை (இந்த ஒரு நாள் மட்டும்)
>
> காலை 9 மணி: ஓவர்லாக் டெய்லர் 12 பேர்
> 10.30 மணி: பேட்லாக் டெய்லர் 6 பேர், சிங்கர் டெய்லர் 6 பேர்
> 12 மணி: செக்கிங் 8 பேர், கைமடி மற்றும் பிசிறு 10 பேர் (அனுபவம் தேவையில்லை)
>
> டெய்லர்களுக்குப் பனியன் கம்பெனி அனுபவம் அவசியம். மெஷினில் தைத்துக் காட்ட வேண்டும். 18 வயது முடிந்திருக்க வேண்டும்.
>
> வேலை நேரம்: காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட்
> ஷிப்ட் கூலி: டெய்லர் ரூ. ____, செக்கிங் ரூ. ____, கைமடி, பிசிறு ரூ. ____
> சனிக்கிழமை தோறும் கூலி. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு.
>
> கொண்டுவர வேண்டியவை: ஆதார், பேங்க் பாஸ்புக், டி.சி. அல்லது மார்க் ஷீட் (அசலும் ஒரு ஜெராக்ஸும்), போட்டோ 2, பழைய பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. நம்பர் இருந்தால். அசலைப் பார்த்ததும் திருப்பித் தந்துவிடுவோம்.
>
> வழி: பழைய பேருந்து நிலையத்திலிருந்து அவிநாசி செல்லும் பஸ்ஸில் அனுப்பர்பாளையம் ஸ்டாப். அங்கிருந்து ______ பக்கம் ____ நிமிஷ நடை.
>
> கேட்க: ____________ (காலை 10 முதல் மாலை 6 வரை)
> வேலைக்காக யாருக்கும் பணம் தர வேண்டாம்.

எழுதி முடித்ததும் லைனில் இருக்கிற ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறாரோ அங்கே மாற்றுங்கள். பீகார், ஒடிசா ஆட்கள் உங்களிடம் நிறைய இருந்தால் அவர்களில் ஒருவரை உட்கார வைத்து இந்தியிலும் எழுதி வாங்குங்கள்.

7. எப்போது, எப்படி அனுப்புவது

படமாகவும் அனுப்புங்கள், வெறும் எழுத்தாகவும் அனுப்புங்கள். படத்தைப் பெரிதாக்கிப் படிக்கச் சிரமப்படுபவர்கள் எழுத்தை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார்கள். இன்டர்வியூவுக்கு நான்கைந்து நாள் முன்னால் அனுப்பினால் போதும். புதன்கிழமை நல்ல நாள், சனிக்கிழமை கூலி வாங்கும்போது பேசிக்கொள்வார்கள். கேட் பக்கத்து டீக்கடையிலும் பஸ் ஸ்டாப் பக்கத்து மளிகைக் கடையிலும் கேட்டுக்கொண்டு ஒட்டுங்கள்.

அன்றைக்கு வந்தவர்களில் எடுக்க முடியாதவர்களிடமும் அப்போதே சொல்லிவிடுங்கள். 'போன் பண்ணுகிறோம்' என்று அனுப்பிவிட்டால் அவர் அந்த வாரம் வேறு எங்கும் போகாமல் காத்திருப்பார். திங்கள்கிழமை காலையில் ஒட்டிய நோட்டீசுகளைக் கிழித்துவிட்டு, அனுப்பிய குரூப்பில் எல்லாம் 'ஆள் எடுத்தாகிவிட்டது, 14-06-2026 அறிவிப்பை இனி அனுப்ப வேண்டாம்' என்று போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு பேர் வரத்தான் செய்வார்கள். அதற்காக வாட்ச்மேனிடம் ஒரு நோட்டு கொடுத்து வைத்திருக்கிறேன், பெயர், போன் நம்பர், எந்த மெஷின் என்று எழுதி வாங்கிக்கொள்வார். அடுத்த முறை ஆள் தேவைப்படும்போது முதலில் கூப்பிடுவது அந்த நோட்டில் இருப்பவர்களைத்தான்.