கடனுக்கு கொடுத்த ஸ்கின்கேர் சரக்கு: பாக்கி கேட்டு லெட்டர் எழுதும்போது பண்ற தப்புங்க

பொட்டிக் ஓனர்கிட்ட பாக்கி கேட்க கூச்சமா இருக்கும், உண்மைதான், அதுக்காக "முடிஞ்சப்போ பார்த்து போட்டு விடுங்க மேடம்"னு எழுதிடாதீங்க. தேதி இல்லாம கேட்டா அந்த பணம் அவங்க கொடுக்க வேண்டிய லிஸ்ட்ல கடைசிக்குதான் போகும்.

பெரிய தப்பு கணக்குலதான் நடக்குது. மார்ச் 5ஆம் தேதி 60 பாட்டில் வைட்டமின் சி சீரம் கொடுத்தீங்க, 30 நாள் கெடு, அப்போ ஏப்ரல் 4க்குள்ள பணம் வந்திருக்கணும். நடுவுல 30 பாட்டிலுக்கு பணம் வந்துச்சு, பம்ப் லீக்குன்னு 4 பாட்டில் திரும்பி வந்துச்சு. இப்போ நீங்க 30 பாட்டிலுக்கு பாக்கின்னு எழுதினா அவங்க நோட்டுல 26னு இருக்கும், உடனே "கணக்கு இடிக்குதே, பார்த்துட்டு சொல்றேன்"னு ஒரு பதில் வரும், அதுல இன்னும் ரெண்டு வாரம் ஓடிடும். அதனால அந்த 4 பாட்டிலுக்கு கிரெடிட் நோட் முதல்ல போட்டுட்டு, பில் காப்பியோட அதையும் சேர்த்து அனுப்புங்க. லெட்டர் இவ்வளவு போதும்:

"வணக்கம் மேடம். பில் நம்பர் 118, மார்ச் 5ல கொடுத்த 60 சீரம். 30க்கு பணம் வந்துடுச்சு, நன்றி. லீக் ஆன 4ஐ கழிச்சாச்சு. மீதி 26 பாட்டிலுக்கான தொகை ஏப்ரல் 4க்குள்ள வரவேண்டியது. இந்த மாசம் 25க்குள்ள அனுப்பிடுங்க. கணக்குல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா ரெண்டு நாள்ல சொல்லுங்க."

மீதி தொகைய அதுல எண்ணாவே போட்டுடுங்க, அவங்கள கூட்டி கழிக்க விடாதீங்க.

அடுத்தது, "சரக்கு இன்னும் விக்கலையே"ன்னு அவங்க சொல்லிடுவாங்களோன்னு பயந்து நீங்களே முந்திக்கிட்டு "விக்கலைன்னா திருப்பி கொடுத்துடுங்க"ன்னு எழுதுறது. இத மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க. வித்தா பணம், விக்காட்டி ரிட்டர்ன்னு பேசி வச்ச சரக்கு வேற, கெடு வச்சு கடனுக்கு வித்த சரக்கு வேற, அந்த ஒரு வரியால ரெண்டாவத நீங்களே முதலாவதா மாத்திடுறீங்க. அதுவும் வைட்டமின் சி சீரம் வெளிச்சமும் சூடும் படுற ஷெல்ஃப்ல நின்னா ஆக்ஸிடைஸ் ஆகி மஞ்சளாகி பிரவுன் ஆயிடும், சீல் பிரிக்காம இருந்தாலும் எப்படி வச்சிருந்தாங்கன்னு உங்களுக்கு தெரியாது, அத வாங்கி இன்னொரு கடைக்கு கொடுக்கவும் முடியாது. அவங்களே ரிட்டர்ன் பேச்சு எடுத்தா பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தேதி தெரியுற மாதிரி போட்டோ கேளுங்க, பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.

புது கிரீம் வந்திருக்கு, வேணுமான்னு அதே லெட்டர்ல கேட்காதீங்க. அவங்க ஆர்டர பத்தி மட்டும் பதில் போடுவாங்க, பாக்கி அப்படியே நிக்கும். பழைய பில் முடிஞ்சதும் அடுத்த சரக்கு அனுப்புறேன்னு வேணா ஒரு வரி சேர்த்துக்கலாம், அது மிரட்டலும் இல்ல.