புடைத்த நரம்பைக் குறைக்கையில் நெற்றிப்பொட்டும் கழுத்தும் தட்டையாகாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘நரம்பு புடைத்துத் தெரிகிறது, கொஞ்சம் குறைத்துவிடுங்கள்’ என்று உருவப்படத்தைக் காட்டிக் கேட்பவர், இரண்டு வேறு பொருள்களை ஒரே சொல்லால் குறிக்கிறார். நெற்றிப்பொட்டில் புடைப்பது இரத்தக்குழாய். கழுத்தில் கயிறுபோல் எழுவது பெரும்பாலும் தசையும், அதை எலும்போடு பிணைக்கும் தசைநாணும். பேச்சில் இந்த மயக்கத்தால் கேடில்லை. படத்தைத் திருத்துபவரும் இரண்டையும் ஒன்றாகவே எண்ணி, ஒரே தூரிகையால் ஒரே அளவுக்குத் துடைக்கும்போதுதான் முகம் வேறொருவருடையதாகிறது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயதைக் கடந்த மெலிந்த மனிதர் ஒருவர், தம் வலப்பக்கம் தலையைத் திருப்பிச் சிரிக்கிறார். ஒளி படத்தின் இடப்புறத்திலிருந்து வருகிறது. நம்மை நோக்கியிருக்கும் அவருடைய இடப்பொட்டில் ஒரு குழாய் நெளிந்து ஏறுகிறது. கழுத்தின் இடப்பக்கத்தில் காதுக்குப் பின்னிருந்து தொண்டைக்குழி வரை ஒரு தசை விறைத்து நிற்கிறது.

இப்படியொரு படத்தில் நான் தொடக்க நாள்களில் செய்த தவறு, குழாயின் மேல் நேராக Photoshop மென்பொருளின் Healing Brush கொண்டு இழுத்ததுதான். குழாய் மறைந்தது, அதோடு பொட்டின் குழிவும் மறைந்தது. புருவ எலும்பின் ஓரத்துக்கும் கன்ன எலும்புக்கும் இடையே தோல் மெல்ல உள்வாங்கும் இடம் அது, அதன் வெளிச்சம் அங்குலத்துக்கு அங்குலம் மாறிக்கொண்டே இருக்கும். அக்கருவி தூரிகைத் தடத்தின் விளிம்பிலுள்ள நிறத்தையும் வெளிச்சத்தையும் எடுத்து உள்ளே நிரவிவிடுவதால், அகலமான தடம் ஒன்று விழுந்தாலே அந்த மாற்றம் சமப்பட்டுப்போகிறது. தடம் மயிர்க்கோட்டைத் தொட்டுவிட்டால் இன்னும் மோசம்: முடியின் கருமை தோலுக்குள் இழுபட்டு அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். படத்தைப் பார்த்த அவருடைய மகள், ‘அப்பாவுக்கு நெற்றி வீங்கினதுபோல இருக்கிறதே’ என்றார். வீக்கம் எதையும் நான் சேர்க்கவில்லை, குழியைத் தூர்த்திருந்தேன்.

குழாய் நம் கண்ணுக்கு எப்படிப் புலப்படுகிறது என்று பார்த்தால் வழி தெளியும். தோலின்மேல் அது ஒரு சிறு வரப்பு. ஒளி இடப்புறத்திலிருந்து வருவதால் வரப்பின் இடச்சரிவு வெளுத்தும் வலச்சரிவு இருண்டும் இருக்கின்றன. இந்த இரட்டைக் கோட்டைத்தான் புடைப்பாக மனம் படிக்கிறது. எனவே இருண்ட கோட்டை மட்டும் வெளுப்பாக்குவது அடுத்த தவறு. நிழல் போய்விடும், வெள்ளைக்கோடு தங்கிவிடும். குழாய் இருந்த இடத்தில் ஆறிப்போன தழும்பொன்று தோன்றும். பலர் இந்த நிலையில் நின்றுவிட்டு, ஏன் இன்னும் உறுத்துகிறது என்று தெரியாமல் மறுபடியும் நிழலையே தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு Curves அடுக்குகள் போதும். ஒன்றில் வளைகோட்டின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தவும், மற்றதில் சற்றுத் தாழ்த்தவும். இரண்டின் Layer Mask எனும் மறைப்பையும் கறுப்பால் நிரப்பவும். கலப்பு முறை Luminosity ஆக இருக்கட்டும், இல்லாவிட்டால் இருளாக்கிய இடத்தில் தோலின் செம்மையும் கூடிவிடும். பிறகு ஓரம் மென்மையான வெள்ளைத் தூரிகையால், Flow 2 முதல் 4 விழுக்காட்டுக்குள் வைத்து, இருண்ட சரிவை முதல் அடுக்கிலும் வெளுத்த சரிவை இரண்டாம் அடுக்கிலும் தடவ வேண்டும். தூரிகையின் அகலம் அந்தக் கோட்டின் அகலமே. குழாய் முழுவதன் அகலம் அல்ல. இந்த அளவில் வேலை மெதுவாகத்தான் நகரும். ஒரே இழுப்பில் மாற்றம் தெரிந்தால் Flow கூடுதலாக இருக்கிறது என்று பொருள். எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Black & White அடுக்கை வைத்துக்கொண்டால், நிறத்தின் குறுக்கீடின்றி வெளிச்ச வேறுபாட்டை மட்டும் பார்த்து வேலை செய்யலாம். தோலின் துளைகளும் மெல்லிய மயிரும் இம்முறையில் இருந்தபடியே இருக்கும்.

குழாய் சிரையாக இருந்தால் நீலச்சாயல் எஞ்சும். அதை வெளுப்பாக்கிச் சரிசெய்ய முயல வேண்டாம். புதிய அடுக்கொன்றை Color முறையில் வைத்து, பக்கத்துத் தோலின் நிறத்தைத் தொட்டு மெலிதாகப் பூசினால் அடங்கிவிடும். மூத்தவர்களின் பொட்டில் பாம்புபோல் நெளிவது பல நேரங்களில் தமனி. அதில் நீலம் இராது என்பதால் இந்தப் படியே தேவைப்படாது.

குழாயைப் பாதி வழியில் வெட்டுவதும் கண்ணில் படும். நடுநெற்றிப்பக்கம் துடைத்துவிட்டு மயிர்க்கோட்டருகே அப்படியே விட்டால், எங்கிருந்தோ முளைத்து எங்கோ முடியும் துண்டு ஒன்று மிஞ்சும். முழு நீளத்திலும் ஒரே விகிதத்தில் குறைத்து, மெலிந்து மறையும் முனையில் மட்டும் இன்னும் சற்றுக் குறைப்பது நல்லது.

இனிக் கழுத்து. காதின் பின்னுள்ள எலும்பு முனையில் தொடங்கும் அந்தத் தசை, கீழே இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை மார்பெலும்பின் மேல்முனையிலும் மற்றொன்று காறை எலும்பிலும் பற்றுகிறது. தலையை வலப்பக்கம் திருப்புவது இடப்பக்கத் தசை. ஆகவே நம் படத்தில் அது விறைத்திருப்பது குறையன்று, தலை திரும்பியிருப்பதற்கான காரணமே அதுதான். அதை அழித்தால் தூணின் மேல் தலையைத் திருகி வைத்ததுபோல் ஆகும். முகம் சிரிக்கிறது, கழுத்து மட்டும் எதிலும் கலந்துகொள்ளாமல் நிற்கிறது.

இங்கே நடக்கும் தவறு பெரும்பாலும் இடத்தைப் பற்றியது. தொண்டைக்குழியருகே தசைநாண் மிகக் கூர்மையாகத் தெரிவதால் கை முதலில் அங்கேதான் போகிறது. அந்த முனையைக் கரைத்துவிட்டு நடுப்பகுதியை விட்டால், எலும்பில் பற்றாத கோடு கழுத்தில் மிதக்கும். நான் மறுதலையாகச் செய்கிறேன்: இரண்டு பற்றுமுனைகளையும் ஏறக்குறைய தொடாமல் விட்டு, நடுவிலுள்ள நீளத்தில் மட்டும் ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலுள்ள கூர்மையைத் தணிக்கிறேன். அதே இரண்டு Curves அடுக்குகள்தாம். ஆனால் தூரிகை தசையின் அகலத்துக்குப் பாதியளவாவது பெரிதாக இருக்க வேண்டும். சிறிய தூரிகை தசையின் உருட்சியைத் துண்டுதுண்டாக்கித் திட்டுகளாக்கிவிடும்.

தசைக்குப் பின்னாலுள்ள நிழலில் எது தசையுடையது, எது கழுத்தின் வளைவுடையது என்று பிரித்துப் பார்ப்பதும் அவசியம். தசையின் விளிம்பை ஒட்டிய ஒடுங்கிய கருங்கோடு முன்னதைச் சேர்ந்தது. அதற்கப்பால் காதின்கீழ் அகன்று விரியும் மென்னிழல் பின்னதைச் சேர்ந்தது. இரண்டையும் சேர்த்து வெளுத்தால் கழுத்து முகத்தைவிட அகலமாகத் தோன்றும். தாடையின் கீழே விழும் நிழலிலும் கை வைக்கலாகாது, அது போனால் தாடைக்கோடு தளர்ந்துவிடும்.

சிரிக்கும்போது தசையின் குறுக்கே சாய்வாக ஒரு சிரையும் புடைக்கக்கூடும். சிரிப்பு அடங்கினால் அதுவும் அடங்கிவிடும் என்பதால், அதைத் தசையைவிடத் தாராளமாகக் குறைக்க நான் தயங்குவதில்லை.

அளவைக் கடைசியில்தான் முடிவு செய்கிறேன். பொட்டுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று என அடுக்குகளைத் தனித்தனிக் குழுவாக்கி, வேலையைச் சற்று மிகையாகவே முடித்துவிட்டு, படத்தை 25 விழுக்காட்டுக்குச் சுருக்கி வைத்துக்கொண்டு Opacity எண்ணை மெல்ல இறக்குகிறேன். இந்தப் படத்தில் பொட்டின் குழு 65இலும் கழுத்தின் குழு 40இலும் நின்றன. குழாய் எங்கே ஓடுகிறது என்பதைத் தேடினால் காணலாம், தேடாதவர் கண்ணில் படாது. தசையோ தேடாமலே தெரிகிறது, ஆனால் பார்வை முதலில் சிரிப்பின் மேல்தான் விழுகிறது.