இருப்புத் திரையைப் பார்த்து எவ்வளவு ஆர்டர் போடுவது?

மளிகைக் கடைப் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர்கள் திங்கள் இரவில் பில்லிங் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, எதை எவ்வளவு வாங்குவது என்று என்னிடம் கேட்பார்கள். படத்தில் பெரும்பாலும் மூன்று பத்திகள்தான் இருக்கும்: பொருள், இருப்பு, வார விற்பனை. சலவைச் சோப்பின் வரியைப் பாருங்கள். இருப்பு 46, வார விற்பனை 42. ஒரு வாரத்துக்குப் போதுமான சரக்கு இருக்கிறதே, இப்போது வேண்டாம் என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கேதான் கணக்கு தவறுகிறது.

முதலில் நாட்களை எண்ணுங்கள்

இந்தக் கடைக்கு விற்பனைப் பிரதிநிதி செவ்வாய்தோறும் காலையில் வருகிறார். சரக்கு வெள்ளி காலையில் இறங்குகிறது. இந்தச் செவ்வாய் ஆர்டர் போடாவிட்டால் அடுத்த வாய்ப்பு அடுத்த செவ்வாய்தான். அந்தச் சரக்கு கைக்கு வருவதோ அதற்குப் பிறகு வரும் வெள்ளியன்று. ஆகவே கையிருப்பும் இன்றைய ஆர்டரும் சேர்ந்து 7 நாள் அல்ல, 10 நாள் தாங்க வேண்டும்.

வாரம் 42 என்றால் நாளுக்கு 6 சோப்பு, 10 நாளுக்கு 60. இருப்பில் உள்ள 46 அடுத்த செவ்வாயோடு தீர்ந்துவிடும். புதனும் வியாழனும் சோப்பு கேட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்

எல்லா வாரமும் 42 விற்பதில்லை. கடந்த நான்கு வார விற்பனையைப் பார்த்தபோது அதிகபட்சம் 54. வித்தியாசமான 12-ஐக் காப்பு இருப்பாக வைத்தேன். 60-உடன் 12 சேர்த்தால் 72. அதில் 46 போக 26 வாங்க வேண்டும். போன வாரம் ஆர்டர் போட்டு இன்னும் வந்து சேராத சரக்கு இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் அது தெரியாது. ஆர்டர் நோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

விரிதாளில் B இருப்பு, C வார விற்பனை, D காப்பு இருப்பு, E வரவேண்டிய சரக்கு என்று வைத்துக்கொண்டால் சூத்திரம் இதுதான்:

```
=MAX(0, ROUNDUP(C2/7*10+D2-B2-E2, 0))
```

சோப்பு 24 கொண்ட பெட்டியாக வருகிறது. 26 தேவைக்கு ஒரு பெட்டி போதும். குறையும் இரண்டைக் காப்பு இருப்பு தாங்கும். அதற்காக இன்னொரு பெட்டியில் பணத்தை முடக்க வேண்டாம்.

எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

உப்பின் வரியில் இருப்பு 0, வார விற்பனை 9. சூத்திரத்தில் போட்டால், காப்பு சேர்க்காமல், 13 பாக்கெட் வரும். ஆனால் நாள்வாரி விற்பனையைத் திறந்து பார்த்தால் செவ்வாய் 3, புதன் 4, வியாழன் 2. அதன்பின் எல்லாம் பூஜ்யம். வியாழனோடு உப்பு தீர்ந்துவிட்டது. மூன்றே நாளில் 9 விற்றிருக்கிறது என்றால் உண்மையான தேவை நாளுக்கு 3, வாரத்துக்கு 21. திரையில் உள்ள 9-ஐ நம்பிக் குறைவாக வாங்கினால் மறுபடியும் பாதியிலேயே தீரும், அடுத்த வாரமும் திரை குறைவாகவே காட்டும். நன்றாக விற்கும் பொருள் இப்படியே மந்தமான பொருளாகிப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது.

வெள்ளிக்கிழமை வரை விற்க உப்பே இல்லை என்பதால் அந்த மூன்று நாளைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம். மீதி 7 நாளுக்கு 21, காப்புக்கு 6, ஆக 27. மூட்டைக்கு 25 பாக்கெட். சோப்புக்குச் சொன்னபடி ஒரு மூட்டையே போதும்தான். ஆனாலும் நான் இரண்டு வாங்கச் சொல்வேன். உப்பு கெடாது, முதலும் சொற்பம், ஏற்கெனவே ஒருமுறை தீர்ந்துபோன பொருள்.

இருப்பில் -4 போன்ற கழித்தல் எண் தெரிந்தால் பெரும்பாலும் கொள்முதல் பில்லைப் பதிவு செய்யாமலே விற்றிருப்பார்கள். அந்த வரிக்குக் கணக்குப் போடாமல் அலமாரிக்குப் போய் எண்ணுங்கள்.

ரவையில் நிலைமை நேர்மாறு. இருப்பு 11, வார விற்பனை 38. பில்களைப் பார்த்தால் 30 பாக்கெட் ஒரே பில்லில், கோயில் அன்னதானத்துக்குப் போயிருக்கிறது. அதை நீக்கினால் வாரத்துக்கு 8 தான். 10 நாளுக்கு 12, காப்புக்கு 3, இருப்பு போக 4 பாக்கெட் போதும். நீக்காமல் கணக்கிட்டால் 40-க்கு மேல் வாங்கி, வண்டு பிடிக்கும்வரை அடுக்கி வைத்திருப்போம். அன்னதானத்துக்கு வாங்கியவரிடம் அடுத்தது எப்போது என்று கேட்டு, தேதியை ஆர்டர் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 30-க்கு அதற்கு முந்தைய செவ்வாயன்று தனியாக ஆர்டர் போடலாம்.