104 வாங்குவதா, 110 வாங்குவதா? சென்டிமீட்டர் லேபிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகள் உடையின் லேபிளில் உள்ள 110 என்பது குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். சட்டையின் நீளமும் இல்லை, வயதும் இல்லை. பக்கத்தில் வயது அச்சிட்டிருந்தாலும் அதை வைத்து வாங்காதீர்கள். ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால் சுவரில் படும்படி நிற்கவைத்து, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு ஒட்டிப் படுக்கையாக வைத்து அளந்துகொள்ளுங்கள்.

குழந்தையின் உயரம் 106 என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய அளவுகள் 98, 104, 110, 116 என்று 6 செ.மீ. இடைவெளியில் வருகின்றன. ‘104 தான் பக்கம், அதையே எடுப்போம்’ என்பது பலர் செய்யும் தவறு. சில நிறுவனங்களுக்கு லேபிள் எண்தான் மேல் எல்லை: 104 முடிந்தபின் வரும் உயரமெல்லாம் 110-இல் சேரும். வேறு சில, எண்ணை நடுவில் வைக்கின்றன: 104 என்றால் 101 முதல் 107 வரை. முதல் வகையில் இந்தக் குழந்தைக்கு 110, இரண்டாவதில் 104. ஆகவே அந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையைப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது.

இதைவிடப் பெரிய தவறு, பூசினாற்போல் இருக்கும் பிள்ளைக்கு அடுத்த எண்ணை எடுப்பது. பக்கத்துப் பக்கத்து அளவுகளில் பேன்ட்டின் உட்கால் நீளம் சுமார் 3 செ.மீ. கூடும், இடுப்போ ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் கூடும். வயிற்றில் இறுக்கம் குறையாது, கால் மட்டும் தரையில் புரளும், படியில் தடுக்கும். உயரத்துக்குச் சரியான எண்ணிலேயே அகலமான வெட்டு உள்ளதைத் தேடுங்கள். ஒல்லியான பிள்ளைக்கு, இடுப்பின் உள்ளே பொத்தானில் மாட்டி இழுத்துக்கொள்ளும் எலாஸ்டிக் உள்ள பேன்ட் பொருந்தும்.

இரண்டு எண்ணும் பொருந்துமென்றால் உடையின் வகை தீர்மானிக்கட்டும். ஸ்வெட்டர், ஜாக்கெட் பெரியதாக இருக்கலாம். மணிக்கட்டில் பிடிப்புப் பட்டி இருந்தால் நீளக் கை நழுவாது. உடலும் காலும் ஒன்றாகத் தைத்த உடையில் சிறியது தோளையும் தொடையிடுக்கையும் இழுக்கும், அதனால் அங்கும் பெரியதே நல்லது. நீச்சலுடை, லெக்கிங்ஸ், தூங்கும்போது போடும் உடை ஆகியவற்றில் சிறியதை எடுங்கள். தொளதொள நீச்சலுடை தண்ணீரில் கனத்துத் தொங்கும்.

பின்னல் பருத்தி முதல் சலவையில் 5 சதவீதம் வரை சுருங்கலாம். 40 செ.மீ. நீள டீ-ஷர்ட்டில் அது 2 செ.மீ. போட்டுப் பார்க்கும்போதே குழந்தையைக் கையை மேலே தூக்கச் சொல்லுங்கள். வயிறு தெரிந்தால் 110-ஐ எடுங்கள்.