கட்டண பில்லில் டி.டி.எஸ்.: எந்தத் தொகையின் மேல் பிடிக்கிறீர்கள்?

தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் டி.டி.எஸ். என்பது கணக்குப் பிரிவில் எல்லாருக்கும் தெரியும். தவறு பெரும்பாலும் விகிதத்தில் நேர்வதில்லை. எந்தத் தொகையின் மேல் பிடிப்பது என்பதில்தான் நேர்கிறது.

அண்ணா நகர் கட்டட வடிவமைப்பாளர் ஒருவர் அம்பத்தூர் கம்பெனிக்கு பில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 80,000 ரூபாய். இருவரும் தமிழ்நாட்டில் இருப்பதால் சி.ஜி.எஸ்.டி. 7,200, எஸ்.ஜி.எஸ்.டி. 7,200. பில் மொத்தம் 94,400. பில்லில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதன் மேல் டி.டி.எஸ். கிடையாது, 2017 ஜூலையில் மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட 23ஆம் எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே பிடித்தம் 80,000க்கு மட்டும், அதாவது 8,000. கொடுக்க வேண்டியது 86,400.

பில்லின் அடியில் உள்ள மொத்தத்தைப் பார்த்துப் பிடித்தால் 9,440 போய்விடும். கைக்கு வருவது 84,960. கூடுதலாகப் போன 1,440 ரூபாய் அவருடைய பான் கணக்கில் வரவாகும் என்பதால் தொலைந்துவிடாது. ஆனால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்வரை முடங்கிக் கிடக்கும். ஜி.எஸ்.டி. 14,400ஐ அவர் முழுசாகக் கட்டியாக வேண்டும்.

சரிபார்க்க எளிய வழி: பிடித்த தொகையைப் பத்தால் பெருக்குங்கள். விடை பில்லில் வரிக்கு முந்தைய மதிப்போடு ஒத்துப்போக வேண்டும். மொத்தத்தோடு ஒத்துப்போனால் தவறு எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு விலக்கு உண்டு: 'வரி உட்பட 94,400' என்று ஒரே வரியில் எழுதிய பில்லில் ஜி.எஸ்.டி.யைப் பிரித்துக் காட்டவில்லை. அங்கே முழுத் தொகைக்கும் பிடிக்க வேண்டிவரும். பில்லைத் திருத்தி வாங்குவதே நல்லது.

அடுத்த சறுக்கல் வரம்பில். 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் கொடுக்கும் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம், முன்பு 30,000. மே மாதம் 30,000 பில் வந்தபோது பிடிக்கவில்லை, சரிதான். ஆகஸ்டில் 35,000 வந்ததும் மொத்தம் 65,000 ஆகிறது. பலர் வரம்புக்கு மேலான 15,000க்கோ ஆகஸ்ட் பில்லுக்கோ மட்டும் பிடிக்கிறார்கள். முழு 65,000க்கும் 6,500 பிடிக்க வேண்டும். ஆகஸ்ட் பில் ஜி.எஸ்.டி.யோடு 41,300, அதில் 6,500 கழித்தால் கொடுக்க வேண்டியது 34,800. பணம் பெறுபவர் அதிர்ச்சியடைவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பில்லில் பான் எண் இல்லையென்றால் விகிதம் 20 சதவீதம். பணம் அனுப்புமுன் அதைக் கேட்டு வாங்கிவிட்டால் இரண்டு பக்கமும் தலைவலி மிச்சம்.